அசெம்பிளில போதைப்பொருள் பத்திப் பேசப் போறீங்களா? அந்த 30 நொடியை மட்டும் வெட்டாதீங்க

வணக்கம் மக்களே. இன்னைக்குக் கொஞ்சம் கோபத்தோடதான் கேமராவை ஆன் பண்ணியிருக்கேன். மேடைப் பேச்சு வீடியோ போட்டதுல இருந்து, பள்ளி அசெம்பிளிக்கு எழுதின பேச்சை நிறைய பேர் அனுப்புறீங்க. எல்லாத்துலயும் தலைப்பு ஒண்ணுதான்: போதைப்பொருளோட உண்மையான விளைவுகளை மாணவர்கள் ஏன் தெரிஞ்சுக்கணும். உள்ள போய்ப் படிச்சா விளைவே இல்லை! போதை அழிவின் பாதை, எதிர்காலம் இருண்டுவிடும், குடும்பம் சிதைந்துவிடும். உடம்புல என்ன நடக்குது, எவ்வளவு நேரத்துல நடக்குது, பக்கத்துல இருக்கிற ஃபிரெண்டு எதைப் பார்த்துக் கண்டுபிடிக்கணும்? இதைப் பத்தி ஒரு வரி கிடையாது.

மண்டையோடு படம் போட்டு பயமுறுத்துற பேச்சு எனக்குச் சுத்தமா பிடிக்காதுன்னு உங்களுக்குத் தெரியும். வேலையும் செய்யாது. அமெரிக்காவுல 1983ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல 'டேர்'னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க. போலீஸ்காரங்களே வகுப்புக்கு வந்து பாடம் எடுப்பாங்க, நாடு முழுக்கப் பரவுச்சு. பிறகு 1994ல அது பத்தின ஆய்வுகளை ஒண்ணா சேர்த்துப் பார்த்தப்போ, போதைப் பழக்கத்தைக் குறைக்கிறதுல அதோட பலன் ரொம்பச் சின்னதுன்னு தெரிஞ்சுது. ஒரு தடவை தொட்டாலே எல்லாம் முடிஞ்சதுன்னு மேடையில சொன்னா, தொட்டுட்டு மறுநாள் ஸ்கூலுக்கு வந்த ஒருத்தனைப் பார்த்திருக்கிற பிள்ளை, நீங்க அடுத்துச் சொல்ற உண்மையையும் சேர்த்துத் தள்ளிடும்.

அதனால நாலு நிமிஷப் பேச்சுல ஒரே ஒரு விளைவை எடுங்க. நான் எடுக்கச் சொல்றது மூச்சு. மது, தூக்க மாத்திரை, அபின் இனத்தைச் சேர்ந்த ஓபியாய்ட் வகை வலி மாத்திரை, ஹெராயின், இது எல்லாம் உயிரை எடுக்கிறது பெரும்பாலும் இந்த வழியிலதான். ஆட்டம், சத்தம், வலிப்புன்னு சினிமாவுல காட்டுற மாதிரி எதுவும் இருக்காது. பார்க்கிறவங்களுக்கு அது தூக்கம் மாதிரியேதான் தெரியும்.

பேச்சை இப்படி ஆரம்பிங்க. 16 வயசுப் பையன் ஒருத்தன், ஃபிரெண்ட்ஸோட ஒரு வீட்டுல இருக்கான். பேரு வேண்டாம். பேரு வச்சா அந்தப் பேருல ஸ்கூல்ல இருக்கிறவனைப் பார்த்து எல்லாரும் திரும்புவாங்க. ராத்திரி 9 மணிக்குக் குடிக்க ஆரம்பிக்கிறான். 9:30க்கு யாரோ கொடுத்த ஓபியாய்ட் வலி மாத்திரை ஒண்ணு. 10 மணிக்கு ஒண்ணுமே தெரியலையேன்னு இன்னொண்ணு. இந்த இடத்துல நிறுத்தி விளக்குங்க, முக்கியமான இடம் இது. வாய்வழியா போற மாத்திரை குடலுக்குப் போய் ரத்தத்துல கலந்து வேலையைக் காட்ட அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். முழு வேகம் வர ஒண்ணு ரெண்டு மணி நேரம்கூட ஆகலாம். அதாவது முதல் மாத்திரை ஏறிட்டிருக்கும்போதே அவன் ரெண்டாவதை முழுங்கிட்டான். குடிச்ச மதுவும் இன்னும் வயித்துல இருந்து ரத்தத்துக்குப் போய்க்கிட்டே இருக்கு.

11 மணிக்குக் கண்ணு சொருகுது, பேச்சு குழறுது. 11:30க்குப் படுக்க வச்சுட்டாங்க. பலமா குறட்டை. "நல்லா தூங்குறான்டா"ன்னு எல்லாரும் நிம்மதியா போயிடறாங்க. 12:30க்குக் குறட்டை நின்னுடுது. ஆழ்ந்து தூங்குறான்னு நினைக்கிறாங்க. அந்த அமைதிதான் ஆபத்து மக்களே.

ஏன்னு சொல்லுங்க. மூளைத்தண்டுன்னு ஒரு பகுதி இருக்கு, மூளையையும் தண்டுவடத்தையும் சேர்க்கிற இடம். ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு ஏறினா, "மூச்சு விடு"ன்னு உத்தரவு போடுறது அதுதான். நாம தூங்கும்போதும் அந்தக் காவல் நிக்கிறதில்லை. மூச்சு அடைச்சா புரண்டு படுப்போம், இல்ல முழிச்சுக்குவோம். ஓபியாய்ட் அந்தக் காவலையே மழுங்கடிக்குது. மது அதே வேலையை வேற வழியில செய்யுது. ரெண்டும் சேர்ந்தா, தனித்தனியா தாங்கிக்கிற அளவுகூட ஆளைச் சாய்ச்சிடும். கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கிட்டே இருக்கும், உத்தரவு வராது. அந்தக் குறட்டையும் சாதாரணக் குறட்டை இல்லை. நாக்கும் தொண்டைத் தசையும் தளர்ந்து பின்னால விழுந்து காத்துப் பாதையை அடைக்கிற சத்தம் அது. கொரகொரன்னு தண்ணி கொதிக்கிற மாதிரி இருந்தா இன்னும் மோசம். மூச்சு முழுசா நின்னு 4 நிமிஷம் தாண்டினாலே மூளை செல்கள் சாக ஆரம்பிக்கலாம்.

இப்போ வர்றது எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. பேச்சு அனுப்பினதுல ஒருத்தர் மட்டும் இதைச் சேர்த்திருந்தாங்க, படிச்சதும் எழுந்து நின்னுட்டேன். மேடையிலேயே 30 நொடி மூச்சு எண்ண வைக்கிறது! பக்கத்துல இருக்கிறவங்களோட நெஞ்சையோ தோளையோ பார்க்கச் சொல்லுங்க. ஏறி இறங்கினா ஒண்ணு. 30 நொடி எண்ணி ரெண்டால பெருக்கினா ஒரு நிமிஷக் கணக்கு. சும்மா நிக்கிற பெரியவங்களுக்கு 12லிருந்து 20க்குள்ள வரும், சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூட வரலாம். எண்ணி முடிச்சதும் சொல்லுங்க: "அந்தப் பையனுக்கு இந்தக் கணக்கு 6 வந்திருக்கும்."

இதை வெட்டச் சொல்வாங்க. நேரம் இல்லை, பிள்ளைங்க சிரிப்பாங்க, வரிசை கலையும்னு சொல்வாங்க. வெட்டாதீங்க. சிரிக்கத்தான் செய்வாங்க, முதல் 5 நொடி. அதுக்குத்தான் 30 நொடின்னு சொல்றேன். 10 நொடி வச்சா சிரிப்புலயே போயிடும், மெதுவான மூச்சை 10 நொடியில சரியா எண்ணவும் முடியாது. நிமிஷத்துக்கு 6 தடவை மூச்சு விடுறவனுக்கு 10 நொடியில ஒண்ணுதான் வரும், சில சமயம் ரெண்டு. ரெண்டு வந்தா 12ன்னு கணக்குப் போட்டு நல்லா இருக்கான்னு விட்டுடுவோம். நேரம் பத்தலைன்னா தொடக்கத்துல இருக்கிற கவிதையை வெட்டுங்க. கடிகாரம் பார்க்க ஒரு ஆளை முன்னாடியே நிறுத்துங்க, பேசுறவங்க பார்க்க வேண்டாம். எண்ணும்போது மைக்கை ஆஃப் பண்ணிடுங்க. ஸ்பீக்கர் இரைச்சல் இருந்தா அமைதி வராது.

அடுத்தது, ஃபிரெண்ட் என்ன செய்யணும். தோளைப் பிடிச்சு உலுக்கி, பேரைச் சொல்லிச் சத்தமா கூப்பிடணும். முழிக்கலைன்னாலோ, மூச்சு மெதுவா இருந்தாலோ உடனே ஆம்புலன்ஸ். உதடு நீலமாகிற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. ஆங், உதடு பத்தி ஒண்ணு. கருத்த தோல்ல நீலம் தெரியாது, சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். உதட்டோட உள்பக்கம், ஈறு, நகக்கண் பாருங்க. கண்ணோட கருமணி ஊசிமுனை மாதிரி சுருங்கியிருந்தா ஓபியாய்டா இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும், மூச்சு இருந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். இதை மேடையில ரெண்டு பேரை வச்சுச் செஞ்சு காட்டுங்க. பக்கத்துல முட்டி போட்டு உட்காருங்க. உங்க பக்கம் இருக்கிற கையைத் தோளுக்கு நேரா நீட்டி வைங்க. தூரத்துக் கையை எடுத்து, புறங்கை இந்தப் பக்கக் கன்னத்துல படுற மாதிரி பிடிச்சுக்குங்க. தூரத்து முட்டியை மடக்கி, அதைப் பிடிச்சு உங்க பக்கமா இழுங்க, ஆள் தானா உருண்டு வந்துடும். தலையை லேசா பின்னால சாய்ச்சு, வாய் தரையைப் பார்க்கிற மாதிரி வைங்க. வாந்தி வந்தா வெளிய போகணும், நுரையீரலுக்குள்ள போகக் கூடாது. தனியா விட்டுட்டுப் போகாம மூச்சைப் பார்த்துக்கிட்டே இருங்க. மூச்சே இல்லைன்னாலோ, எப்பவாவது விக்குற மாதிரி ஒரு இழுப்பு மட்டும் வந்தாலோ, மல்லாக்கப் படுக்க வச்சு, நெஞ்சை அழுத்திச் செய்ற முதலுதவியான சி.பி.ஆர். அந்த இழுப்பை மூச்சுன்னு கணக்கு வைக்காதீங்க.

செய்யக் கூடாததும் சொல்லணும், எல்லாரும் செய்றது அதுதான். தலையில தண்ணி ஊத்துறது, உப்புத் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிறது, காபி கொடுக்கிறது, தாங்கிப் பிடிச்சு நடக்க வைக்கிறது. எதுவும் ரத்தத்துல ஏறினதை இறக்காது. அரை மயக்கத்துல இருக்கிறவன் வாயில எதை ஊத்தினாலும் அது மூச்சுக்குழாய்க்குள்ள போயிடலாம்.

அட, நலோக்சோனை விட்டுட்டேனே! ஓபியாய்டுக்கு முறிவு மருந்து, மூக்குல அடிக்கிற ஸ்ப்ரேயாவும் ஊசியாவும் இருக்கு. நிமிஷக் கணக்குல மூச்சைத் திரும்பக் கொண்டு வரும். ஆனா அதோட வேலை 30லிருந்து 90 நிமிஷத்துல தேய்ஞ்சிடும், மாத்திரை அதுக்கப்புறமும் உடம்புல இருக்கும். அதனால முழிச்சுட்டான்னு ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பக் கூடாது. மதுவுக்கும் தூக்க மாத்திரைக்கும் அது முறிவு இல்லை, அவ்வளவுதான்.

பிள்ளைங்க ஆம்புலன்ஸைக் கூப்பிடத் தயங்குறது மாட்டிக்குவோம்ங்கிற பயத்துல. இதைப் பேச்சுல நேராவே சொல்லுங்க. என்ன எடுத்தான், எவ்வளவு, எத்தனை மணிக்கு, இந்த மூணையும் ஆம்புலன்ஸ்ல வர்றவங்ககிட்ட மறைக்காம சொல்லணும், காலி மாத்திரை அட்டை இருந்தா கையில கொடுக்கணும். மத்தபடி சட்டம் இடத்துக்கு இடம் மாறும். யாருக்கும் எதுவும் ஆகாதுன்னு மேடையில வாக்குக் கொடுக்காதீங்க. உங்க ஊர்ல என்ன விதின்னு பொறுப்பாசிரியர்கிட்ட முன்னாடியே கேட்டுட்டு, அதை மட்டும் சொல்லுங்க.

கடைசியா கேள்வி நேரம். "கஞ்சாவுல மூச்சு நிக்குமா?"ன்னு பின்வரிசையில ஒருத்தன் கட்டாயம் கேட்பான். ஆமான்னு சொல்லிடாதீங்க, பிளீஸ். மூச்சைக் கட்டுப்படுத்துற அந்த மூளைத்தண்டுல கஞ்சா ஒட்டுற ஏற்பிகள் ரொம்பக் குறைவு. அதனால அது மட்டும் தனியா இப்படி மூச்சை நிறுத்துறது மிக அரிது. அதோட கெடுதல் வேற இடத்துல. ஞாபகமும் கவனமும் குறையுது, வண்டி ஓட்டும்போது சுதாரிக்க நேரமாகுது, சின்ன வயசுல அடிக்கடி எடுக்கிறவங்களுக்கு மனச்சிதைவு மாதிரி நோய் வர்ற அபாயம் கூடுது. இப்படியே பதில் சொல்லுங்க, அடுத்த கேள்வியும் உங்ககிட்டயே வரும்.

சி.பி.ஆரை மூணு வரியில சொல்லி முடிக்க எனக்கு மனசில்லை, அதுக்குத் தனி வீடியோ வருது. எழுதின பேச்சை கமென்ட்ல போடுங்க, 30 நொடி இருக்கான்னுதான் முதல்ல பார்ப்பேன்.