வந்திருந்தால், வந்திருப்பார்

நடுவர் கேட்ட கேள்வி: "நடக்காமல் போனதை நினைத்து ஏங்குவதை நன்றாகச் சொல்வது தமிழ் வினையா, ஆங்கில இஃப் வாக்கியமா?"

நடுவர் அவர்களே, குளச்சல் பக்கத்திலிருந்து வந்திருக்கும் பெரியவர்களே, தமிழ் அணிக்காகப் பேசுகிறேன்.

'வந்திருந்தால்' என்று தமிழில் சொன்னால் ஆள் வந்தாரா இல்லையா என்றே தெரியவில்லை என்றார் எதிரணி அண்ணன். அது பாதி சரி. "மாமா வந்திருந்தால் சாப்பிடச் சொல்லு" என்றால் மாமா இப்போது திண்ணையில் உட்கார்ந்திருக்கலாம். "மாமா வந்திருந்தால் சாப்பிடச் சொல்லியிருப்பேன்" என்றால் மாமா வரவே இல்லை. முதல் பாதியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, முடிக்கும் வினைதான் சேதியைச் சொல்கிறது. ஆங்கிலத்தில் முதலாவதுக்கு 'ஹேஸ்', இரண்டாவதுக்கு 'ஹாட்', தொடக்கத்திலேயே தெரிந்துவிடும் என்கிறார் அண்ணன். பெரும்பாலும் தெரியும். ஆனால் "இஃப் ஹி ஹாட் கம், நோபடி நோட்டிஸ்ட்" என்று கதை சொல்லும்போது, அவர் வந்தும் இருக்கலாம். ஹாட் மட்டும் அங்கே தீர்ப்புச் சொல்லவில்லையே!

அடுத்துப் பேசிய அக்கா, தன் மகன் பரீட்சையில் "இஃப் ஐ வுட் ஹாவ் ஸ்டடீட்" என்று எழுதி மதிப்பெண் இழந்ததைச் சொன்னார். நம் கேள்விக்கு அது நேர்ப்பதில் இல்லை, ஆனாலும் காரணம் இங்கேதான் இருக்கிறது. 'படித்திருந்தால் தேறியிருப்பேன்' என்பதில் இரண்டு பக்கமும் 'இரு' வருகிறது. அதனால் பையன் 'வுட் ஹாவ்' என்பதையும் இரண்டு பக்கமும் வைத்துவிட்டான். 'இருந்தால்' வரும் பக்கம் ஹாட், 'இருப்பேன்' வரும் பக்கம் வுட் ஹாவ் என்று காட்டிக் கொடுங்கள், சரியாகிவிடும்.

எங்கள் அணியிலேயே இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா, மேடைக்குப் பின்னால் என்னை மடக்கினார். "வந்திருந்தால் சாப்பிட்டிருப்பார்" என்றால் என்ன பொருள் என்று கேட்டார். வரவில்லை, அதனால் சாப்பிடவில்லை என்றும் கொள்ளலாம். வந்தாரோ என்னவோ, வந்திருந்தால் நிச்சயம் சாப்பிட்டிருப்பார் என்ற ஊகமாகவும் கொள்ளலாம். இரண்டு பாதியும் சேர்ந்தும் சந்தேகம் தீரவில்லை. அதை நான் மறைக்க மாட்டேன். முன்னால் என்ன பேசினோம் என்பதைப் பார்த்துத்தான் பிரிக்க முடியும்.

ஆனால் கேள்வி ஏக்கத்தைப் பற்றியது. ஏங்குவதற்கு ஆங்கிலம் பெரும்பாலும் 'ஐ விஷ்' என்றோ 'இஃப் ஒன்லி' என்றோ தனியாகத் தொடங்குகிறது. 2017 நவம்பர் கடைசியில் ஓகிப் புயல் அடித்த பிறகு, நம் கடற்கரையில் மகனுக்காகக் காத்திருந்த ஒரு தாய் எப்படிச் சொல்லியிருப்பார்? "அன்னைக்குப் போகாம இருந்திருக்கலாமே." இதில் 'ஆல்' இல்லை, 'என்றால்' இல்லை. கடைசி 'ஏ'யை எடுத்துவிட்டால், போகவில்லையோ என்னவோ என்ற சந்தேகமாகவும் அதைப் படிக்கலாம். ஏகாரம் சேர்ந்ததும், அவன் போய்விட்டான் என்பதும் அவள் மனம் அதை ஏற்கவில்லை என்பதும் ஒன்றாக வந்துவிடுகின்றன.

மணி அடித்துவிட்டது, நடுவர் அவர்களே. ஐயா என்னிடம் கேட்டதை எதிரணியிடமும் கேட்டுப் பாருங்கள்.