கோணமானி இல்லாமல் 60 பாகை: ஒரு ஏ4 தாள், இரண்டே மடிப்பு!

[காட்சி: மேசைமேல் வெறும் ஏ4 தாள்]

வணக்கம்! இந்தத் தாளை இரண்டே முறை மடிக்கப் போகிறேன். கோணமானி கிடையாது, கவராயம் கிடையாது, அளவுகோல்கூடக் கிடையாது. முடிக்கும்போது 60 பாகை கோணம் கையில் இருக்கும். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிற ஆசிரியர்களும், அந்த வயதுப் பிள்ளைகள் வீட்டில் இருப்பவர்களும் வீடியோவை நிறுத்திவிட்டு ஒரு தாள் எடுத்து வாருங்கள்.

முன்கதையைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். 1893லேயே சென்னையில் சுந்தர ராவ் என்பவர் காகித மடிப்பாலேயே வடிவியல் சொல்லித்தர ஒரு புத்தகம் எழுதி வெளியிட்டார். ஜெர்மன் கணித அறிஞர் ஃபெலிக்ஸ் கிளைன் அதைக் குறிப்பிட்டு எழுத, வெளிநாடுகளிலும் பேசப்பட்டது. சரி, மடிப்போமா?

[காட்சி: தாளின் கீழ் இடது மூலையில் சிவப்புப் புள்ளி, கீழ் வலது மூலையில் நீலப் புள்ளி]

குட்டையான பக்கம், அதாவது 21 செ.மீ. பக்கம், உங்கள் பக்கம் இருக்கட்டும். சிவப்பின்மேல் நீலம் வரும்படி தாளை நெடுக்காக இரண்டாக மடித்து, நகத்தால் நன்றாகத் தேய்த்துவிட்டுப் பிரியுங்கள். நடுவில் ஒரு கோடு விழுந்திருக்கும். இது முதல் மடிப்பு.

இரண்டாவதில்தான் பிள்ளைகள் தடுமாறுவார்கள், ஏனென்றால் ஒரே நேரத்தில் இரண்டு வேலை. இடது கட்டைவிரலால் சிவப்பு மூலையை அழுத்திக்கொள்ளுங்கள். நீல மூலையை மெதுவாக மேலே தூக்கி, நடுக்கோட்டின்மேல் உட்கார வையுங்கள். மடிப்பு சிவப்பு மூலை வழியாகவே போக வேண்டும். நீலம் உட்கார்ந்த இடத்தில் பச்சைப் புள்ளி வைத்துப் பிரியுங்கள். சிவப்பையும் பச்சையையும் சேர்த்துக் கோடு போட்டால், அதற்கும் கீழ் ஓரத்துக்கும் நடுவில் 60 பாகை!

[காட்சி: பச்சையிலிருந்து சிவப்புக்கும் நீலத்துக்கும் கோடுகள்]

இங்கேதான் ஒரு வேண்டுகோள். உடனே கோணமானியை எடுத்து வைக்காதீர்கள். அளந்து '60 வந்துவிட்டது' என்று சொன்னதும் பிள்ளையின் யோசனை அங்கேயே நின்றுவிடும். அதற்குப் பதிலாக, 'சிவப்பிலிருந்து பச்சைக்கு எவ்வளவு தூரம்?' என்று கேளுங்கள். கொஞ்ச நேரம் ஆகும். அப்புறம் யாராவது ஒரு பிள்ளை சொல்லும்: தாளின் கீழ் ஓரம்தானே எழுந்து அங்கே போனது! காகிதம் நீளவும் இல்லை, சுருங்கவும் இல்லை, அதனால் அதே 21 செ.மீ.

அடுத்து, 'பச்சையிலிருந்து நீலத்துக்கு?' பச்சை இருப்பது நடுக்கோட்டில். அந்தக் கோட்டில் தாளை மடித்தால் சிவப்பும் நீலமும் ஒன்றன்மேல் ஒன்று விழும். ஆகவே அந்தக் கோட்டில் எங்கே நின்றாலும் இரண்டும் ஒரே தூரம். இதுவும் 21. மூன்று பக்கமும் 21 என்றால் சமபக்க முக்கோணம். 180 பாகையை மூன்று கோணங்கள் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 60.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. கவராயத்தில் 60 பாகை எப்படி வரைவோம்? கோட்டின் இரண்டு முனையிலும் முள்ளை வைத்து, அதே நீளத்துக்கு இரண்டு வில் வரைவோம். அவை வெட்டிக்கொள்ளும் இடம்தான் நம் பச்சைப் புள்ளி! நீல மூலை எழுந்து வந்த பாதையின் இரு முனையும் அந்த வில்லின்மேல்தான் இருக்கின்றன. சிவப்பை அழுத்திய கட்டைவிரல்தான் கவராயத்தின் முள். இதைப் பார்த்த பிள்ளைக்கு, கவராயத்தை ஏன் அப்படி வைக்கிறோம் என்பது மனப்பாடம் செய்யும் சமாச்சாரமாக இருக்காது.

சரியாக மடித்தோமா என்று தெரிந்துகொள்ளவும் காகிதமே போதும். இரண்டாவது மடிப்பைத் திரும்ப மடியுங்கள். மேலே வந்த ஓரத்தை ஒட்டி, தாளின் இடது ஓரத்தை அதன்மேல் மடித்துப் போடுங்கள். செங்கோணம் மூன்று 30 பாகையாகப் பிரிந்திருந்தால், இடது ஓரம் இரண்டாவது மடிப்பின் விளிம்போடு அப்படியே பொருந்தும். இடைவெளி விட்டாலோ வெளியே நீட்டிக்கொண்டாலோ, நீலம் நடுக்கோட்டில் உட்காரவில்லை, இல்லையென்றால் மடிப்பு சிவப்பு மூலையை விட்டு விலகிவிட்டது. நீலம் நடுக்கோட்டிலிருந்து 2 மி.மீ. தள்ளி உட்கார்ந்தால் கோணத்தில் அரை பாகைக்குச் சற்று மேல் பிழை வரும்.

வகுப்பில் இரண்டு மூன்று பிள்ளைகள் தாளைப் படுக்கையாக வைத்துத் தொடங்குவார்கள். திருத்தாதீர்கள், விட்டுவிடுங்கள். 29.7 செ.மீ. பக்கத்தின்மேல் நிற்கும் சமபக்க முக்கோணத்துக்கு ஏறக்குறைய 25.7 செ.மீ. உயரம் தேவை. தாளின் உயரமோ 21தான். நீல மூலை எழுந்து நடுக்கோட்டைத் தேடித் தாளுக்கு வெளியே போய்விடும். 'பச்சைப் புள்ளி எங்கே சார்?' என்று கேட்பார்கள். நிமிர்த்தி வைத்த தாளில் அது உள்ளேயே இருந்ததே, இதில் ஏன் வெளியே போனது? இதற்கு உங்கள் பிள்ளைகள் என்ன பதில் சொல்கிறார்கள் என்று அவர்கள் வார்த்தையிலேயே கமெண்டில் எழுதுங்கள்.