ஓரத்து ஐந்து வரிசை

நேயர்களுக்கு வணக்கம். பருத்தியில் வரும் பச்சைக் காய்ப்புழுவைப் பற்றி இன்று பேசப்போகிறேன். அமெரிக்கன் காய்ப்புழு என்றும் சொல்வார்கள். அதை எப்படிக் கொல்வது என்பதை மருந்துக் கடையிலேயே சொல்லிவிடுவார்கள். இன்று கொல்கிற மருந்து இன்னும் பத்து வருஷம் கழித்தும் கொல்ல வேண்டுமே, அதற்கு என்ன செய்வது என்பதுதான் என் பேச்சு.

சில வருஷங்களுக்கு முன் ஒரு விவசாயி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் மேடையில் பிரிக்காத சின்ன விதைப் பொட்டலம் ஒன்று கிடந்தது. காய்ப்புழுவைக் கொல்கிற நஞ்சைச் செடியே உண்டாக்கிக்கொள்ளும் ரகம்தான் பிடி பருத்தி; அதன் 450 கிராம் விதையோடு சேர்த்துக் கொடுத்த 120 கிராம் சாதாரண பருத்தி விதை. "இதைப் போட்டால் புழுதானே சார் திங்கும், எதற்கு வீணாக?" என்றார். நியாயமான கேள்வி. பதிலும் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. புழு தின்பதற்காகத்தான் அந்த விதை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வட்டாரத்தில் ஒரு கோடி புழு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பிடி நஞ்சைத் தாங்கும் மரபணு ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில் அந்தக் கூட்டத்தில் கலந்திருக்கிறது. அப்பா, அம்மா இரண்டு பக்கமிருந்தும் அந்த மரபணு வந்த புழுதான் நஞ்சை முழுசாகத் தாங்கும். ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கினால் பத்து லட்சம். அதாவது பத்து லட்சத்துக்கு ஒரு புழு. எண்பது லட்சம் புழு பிடி செடியைத் தின்கிறது என்றால் எட்டே எட்டுப் பிழைக்கும். சாதாரண செடி ஒன்றுகூட இல்லாவிட்டால் அந்த எட்டும் தங்களுக்குள்ளேயே இணைசேரும். பிறக்கிற குஞ்செல்லாம் நஞ்சைத் தாங்கும். அடுத்த தலைமுறையில் எட்டு என்பது ஆயிரக்கணக்கில் போகும்.

இப்போது மீதி இருபது லட்சம் புழு ஓரத்துச் சாதாரண பருத்தியில் வளர்ந்து அந்துப்பூச்சியாகிப் பறக்கிறது என்று வையுங்கள். அந்த எட்டும் யாரோடு சேரும்? இந்தக் கூட்டத்தில் ஏதாவது ஒன்றோடுதான். பிறக்கிற குஞ்சுக்கு அந்த மரபணு ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். செடியில் நஞ்சு போதுமான அளவு இருந்தால் அது செத்துவிடும். வயலைச் சுற்றி ஐந்து வரிசை, அல்லது பரப்பில் 20 சதவீதம், இதில் எது அதிகமோ அதைச் சாதாரண பருத்தியாக விதைக்கச் சொன்னதன் காரணம் இதுதான். ஏக்கருக்கு 20 சென்ட். பிடி விதைக்கிற அன்றே இதையும் விதைக்க வேண்டும். பத்து நாள் தள்ளிப் போட்டால் இரண்டிலும் அந்துப்பூச்சி வெளிவருகிற நேரம் பொருந்தாது. அந்த வரிசைகளில் காய்ப்புழுவுக்கு மருந்தும் அடிக்கக் கூடாது.

இப்போது வருகிற 475 கிராம் பாக்கெட்டில் சாதாரண விதையை உள்ளேயே கலந்துவிடுகிறார்கள். வேலை மிச்சம்தான். காய்க்குள்ளேயே அடைந்து கிடக்கிற இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு அது பொருந்தும். பச்சைக் காய்ப்புழு அப்படியில்லை. ஒரு சப்பையைக் கடிக்கும், அடுத்த செடிக்குப் போகும், அங்கே ஒரு பூவைக் கடிக்கும். கலந்து நிற்கிற வயலில் அதன் வயிற்றுக்குள் கொஞ்சம் நஞ்சு, கொஞ்சம் சாதாரண இலை. சாகாத அளவு நஞ்சு தின்று பழகுவது எதிர்ப்புக்கு நாமே வழிவிடுவது மாதிரி. அதனால் கலப்பு விதை போட்டவர்களும் வரப்போரம் சில வரிசை துவரை வையுங்கள். பச்சைக் காய்ப்புழுவுக்குத் துவரை ரொம்பப் பிடிக்கும். ஆஸ்திரேலியாவில் இதற்கென்றே பருத்திக்காரர்கள் துவரை போடுகிறார்கள்.

சரி, இவ்வளவு செய்தாலும் மருந்து அடிக்காமல் முடியுமா? சில சமயம் முடியாது. செடிக்கு 100, 110 நாள் ஆகும்போது அதிலுள்ள நஞ்சின் அளவு இறங்கிவிடும். அந்தச் சமயத்தில் செடிக்கு ஒரு புழு என்ற கணக்கில் கண்ணில் பட்டால் மருந்தை எடுக்க வேண்டியிருக்கும். பெரிய தப்பு நடப்பது இங்கேதான்.

மருந்தை மாற்றி மாற்றி அடிப்பதாகச் சொல்வார்கள். டப்பாக்களைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தால் நிறம் வேறு, கம்பெனி வேறு. பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கிற ரசாயனப் பெயரைப் படித்தால் ஒன்றில் சைபர்மெத்ரின், இன்னொன்றில் லாம்டா சைஹாலோத்ரின். இரண்டும் ஒரே குடும்பம், புழுவின் நரம்பில் ஒரே இடத்தைத்தான் தாக்கும். 'த்ரின்' என்று முடிந்தால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். குளோரான்ட்ரனிலிப்ரோலும் ஃப்ளூபென்டியமைடும் அதேபோல ஒரு குடும்பம். எமாமெக்டின் தனி, ஸ்பைனோசாட் தனி, இண்டாக்ஸாகார்ப் தனி. டப்பாவில் இருக்கிற முக்கோண நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது மனுஷனுக்கு எவ்வளவு விஷம் என்பதைச் சொல்கிறது, குடும்பத்தை அல்ல. இரண்டு மருந்து கலந்தே வருகிற டப்பா என்றால் இரண்டு குடும்பத்தையும் பயன்படுத்திவிட்டதாகக் கணக்கு.

எப்போது மாற்றுவது? ஒவ்வொரு அடிப்புக்கும் அல்ல, ஒவ்வொரு தலைமுறைக்கும். முட்டை பொரிக்க மூன்று நான்கு நாள், புழுவாக இரண்டு வாரத்துக்கு மேல், அப்புறம் மண்ணுக்குள் கூட்டுப்புழு. மொத்தத்தில் சுமாராக ஒரு மாதம். 105ஆம் நாள் எமாமெக்டின் அடித்தீர்கள் என்றால், அந்த மாதத்துக்குள் இன்னொரு தடவை அடிக்க நேர்ந்தாலும் எமாமெக்டினாகவே இருக்கட்டும். அதில் தப்பித்த புழுவின் பிள்ளைகள் வரும்போது, ஏறத்தாழ 135ஆம் நாள், இண்டாக்ஸாகார்ப். பெற்றோரைத் தொட்ட மருந்து பிள்ளைகளைத் தொடக் கூடாது. 'த்ரின்' வகையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முன்னாடியே அடித்தால் நன்மை செய்கிற பூச்சிகள் செத்து வெள்ளை ஈ பெருகும். ஆந்திராவில் குண்டூர், பிரகாசம் பக்கம் 1987இல் இந்த வகை மருந்தை எத்தனை தடவை அடித்தும் பச்சைக் காய்ப்புழு சாகவில்லை. அங்கே நொந்த குடும்பங்கள் கொஞ்சமல்ல.

பக்கத்து வயலில் தக்காளி இருக்கிறதா? அதே அந்துப்பூச்சிதான் அங்கேயும் முட்டையிடும். தக்காளிக்காரரும் அதே மாதம் அதே மருந்தை அடித்தால் அந்த மருந்து படாத சாதாரண புழு வளர அங்கே இடம் இருக்காது. உங்கள் புழுவுக்கு அங்கேயும் அதே பாடம்தான் நடக்கும். இந்த மாதம் எந்தக் குடும்பம் என்று அவரோடும் பேசிவிட்டு அடியுங்கள்.

அடித்தும் புழு சாகவில்லை என்றால் உடனே எதிர்ப்பு வந்துவிட்டது என்று பதற வேண்டாம். மூன்று நாள் கழித்துக் காலையில் இருபது செடியைப் பிரித்துப் பாருங்கள். பெரிய புழு மட்டும் உயிரோடு இருந்தால் நீங்கள் தாமதமாக அடித்திருக்கிறீர்கள். பெரிய புழுவுக்கு எந்த மருந்தும் கூடுதலாகத்தான் வேண்டும். செடியின் உச்சியில் செத்து, உள்ளே இருக்கிற காயில் உயிரோடு இருந்தால் மருந்து அங்கே போய்ச் சேரவில்லை, நாசிலைப் பாருங்கள். சரியான அளவில், புது மருந்தை, நன்றாக நனையும்படி அடித்தும் அரை விரல் நீளம்கூட இல்லாத குட்டிப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். அப்போது அதே மருந்தை அளவு கூட்டி அடிக்காதீர்கள். வேறு குடும்பத்துக்குப் போங்கள். பிழைத்த புழு பத்துப் பதினைந்தைப் பிடித்து, ஒரு காயோடு டப்பாவில் ஒவ்வொன்றாகத் தனித்தனியாகப் போட்டு, அடித்த மருந்தின் பெயரையும் தேதியையும் எழுதி வேளாண் அலுவலகத்தில் கொடுங்கள். ஒன்றாகப் போட்டால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். நன்றி, வணக்கம்.