மங்குக்குப் பூசும் கிரீம்: மூன்றாவது மாதத்தில் ஒரு டியூப்

வணக்கம் மக்களே. ரெட்டியார்பாளையத்திலிருந்து ஒரு தங்கை ஒரு டியூபைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். அவருக்கு இது மூன்றாவது மாதம். கன்னத்தில் மங்கு பரவுகிறது என்று, கல்யாணத்துக்கு முன்னால் பூசிய நைட் கிரீமையே மறுபடி எடுத்திருக்கிறார். "மேலேதானே பூசுறேன், வயித்துக்கு என்னக்கா ஆகும்?" என்கிறார். கடலூரில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிற எனக்கு இந்த டியூப் நன்றாகவே பழக்கம்.

பின்பக்கம் சின்ன எழுத்தில் மூன்று பெயர்கள் இருக்கின்றன. ஹைட்ரோகுவினோன் 2 சதவீதம், டிரெட்டினாயின் 0.025, மொமெட்டசோன் 0.1.

ஹைட்ரோகுவினோன்தான் நிறத்தைக் குறைப்பது. பூசியதில் 35 முதல் 45 சதவீதம் வரை தோல் வழியாக உடம்புக்குள் போகிறது. குழந்தைக்குக் கெடுதல் என்று நிரூபணம் இல்லை. ஆனாலும் இவ்வளவு உள்ளே போகிற ஒன்றை இந்த மாதங்களில் பூச வேண்டாம். மொமெட்டசோன் வீரியமான ஸ்டீராய்டு. இந்த வகையை நிறைய, நாள்பட பூசினால் குழந்தையின் எடை குறையலாம்.

டிரெட்டினாயின் வைட்டமின் ஏ குடும்பம். பருவுக்குக் கொடுக்கும் அடபலீன், டாசரோட்டீனும் இதே வகைதான், மூன்றும் வேண்டாம். இதே குடும்பத்தின் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை குழந்தையின் மூளை, இதயம், காதுகளைப் பாதிக்கும். அதை நிறுத்தி ஒரு மாதமாவது கழித்துத்தான் கருத்தரிக்க வேண்டும். விழுங்கியவர்கள் இன்றே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். கிரீமில் இருந்து டிரெட்டினாயின் உள்ளே போவது மிகக் குறைவு. அதனால் தங்கை, பூசியதை நினைத்துக் கலங்காதீர்கள், கருவைக் கலைக்க இது காரணமே இல்லை. நிறுத்திவிட்டு, அடுத்த செக்கப்புக்கு டியூபைக் கையோடு எடுத்துப் போங்கள்.

நிறுத்திய சில நாளில் முகம் சிவந்து எரியலாம், பரு கிளம்பலாம். பலரும் "கிரீம் இல்லாமல் முகம் கெடுது" என்று திரும்ப அதையே பூசுவது இங்கேதான். ஸ்டீராய்டுக்குப் பழகிய தோல் அப்படித்தான் செய்யும். தாங்க முடியவில்லை என்றால் ஜிப்மரிலோ வேறெங்கோ தோல் மருத்துவரைப் பாருங்கள், மெல்ல விடுவிக்க வழி சொல்வார்.

சரி, அப்புறம் எதைப் பூசுவது? அசெலாயிக் அமிலம் பருவுக்கும் மங்குக்கும் உதவும், கர்ப்பத்திலும் பூசலாம். பருவுக்கு பென்சாயில் பெராக்சைடு உண்டு. வெயிலுக்கு ஜிங்க் ஆக்சைடும் அயர்ன் ஆக்சைடும் சேர்ந்த, லேசாக நிறமுள்ள சன்ஸ்கிரீன் போடுங்கள். மங்குக்கு வெறும் வெளிச்சமே போதும் கருக்க, அதைத் தடுப்பது அயர்ன் ஆக்சைடு. பிரசவத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் மங்கு பெரும்பாலும் தானாகவே மங்கும்.

பார்லரில் பீலிங் செய்யக் கூப்பிட்டால் எந்த அமிலம் என்று கேளுங்கள். சாலிசிலிக், டிரைகுளோரோஅசெட்டிக் பீல் இரண்டும் இப்போது வேண்டாம். சாலிசிலிக் 2 சதவீத ஃபேஸ்வாஷ் பரவாயில்லை, அது கழுவினால் போய்விடும். உட்பொருள் எதுவும் எழுதாத டப்பா கிரீமை மட்டும் தொடவே தொடாதீர்கள். அதில் பாதரசம் இருக்கலாம், அது நஞ்சுக்கொடி தாண்டிக் குழந்தைக்குப் போகும்.