‘நம்ம வீடா, எங்க வீடா?’

வணக்கம். காரைக்குடிப் பக்கத்து ஊர்க்காரப் பெண் ஒருத்தி சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கிறாள். போன மாதம் அவள் அப்பாவுக்கு ஊர் வீட்டில் அறுபதாம் கல்யாணம் நடந்தது. இன்ஸ்டாகிராமில் போட ஒரு படம் எடுத்துவைத்துக்கொண்டு, ‘இதுக்குக் கீழ என்னங்க எழுதுறது?’ என்று என்னைக் கேட்டாள். அவளுக்கு அதில் இருப்பது ஒரே கணக்குதான். அதை அத்தையும் பார்ப்பார், மேலாளரும் பார்ப்பார், கல்லூரித் தோழிகளும் பார்ப்பார்கள்.

அவள் முதலில் எழுதியது: ‘ஒரு வழியா முடிஞ்சது! மூணு நாள் ஆபீஸ் போனையே எடுக்கல.’ தோழிகள் சிரிப்பார்கள். மேலாளர் இரண்டாவது வாக்கியத்தில் நின்றுவிடுவார். அத்தைக்கு ‘ஒரு வழியா’ என்பதே சுருக்கென்று இருக்கும், விசேஷம் பாரமாகப் போய்விட்டதா என்று.

அடுத்து, வந்தவர்கள் பெயரையெல்லாம் போட்டு நன்றி எழுதினாள். இருபது பெயர் வந்தது, ஒரு சித்தப்பா விட்டுப்போனார். உடன் வேலை பார்ப்பவர்களுக்கோ அது யார் யாரோ. அந்த நன்றி குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போகட்டும் என்றேன்.

மூன்றாவது முறை எழுதியதில்தான் சிக்கலே: ‘எங்க வீட்டு வளவில் அப்பாவின் அறுபது.’ செட்டிநாட்டுப் பெரிய வீடு பெரும்பாலும் ஒருத்தருக்குச் சொந்தமில்லை. பங்காளிகள் எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு, வளவு என்கிற நடுமுற்றத்தைச் சுற்றிய அறைகளில் புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு தம்பதிக்கும், ஒன்று என்று இருக்கும். ‘எங்க வீடு’ என்றால் பெரியப்பா வீட்டார், ‘அப்ப நாங்க?’ என்பார்கள். ‘நம்ம வீடு’ என்று மாற்றினால், அழைப்பு போகாத அலுவலகத்தாருக்கு, தங்களை விட்டுவிட்டதை நினைவூட்டுவதுபோல் ஆகிவிடும். தமிழில் இந்த இரண்டு சொல்லும் கேட்பவரை உள்ளே இழுக்கும், அல்லது வெளியே நிறுத்தும். அதனால் இரண்டையும் எடுத்துவிட்டோம். ‘ஊர் வீடு’ என்றால் போதும். ‘என்’ சேர்க்காமல் ‘அப்பா’ என்றாலே யார் அப்பா என்று தெரிந்துவிடும்.

பிறகு, படத்தில் இருந்த ஒன்றைச் சேர்க்கச் சொன்னேன். கலச நீர் ஊற்றிய ஈரம் தரையில் மின்னியது. கடைசியில் வந்தது இது:

‘அப்பாவுக்கு 60. ஊர் வீட்டு வளவில், கலசத் தண்ணீர் இன்னும் காயாத ஆத்தங்குடிக் கல்லில் நின்று, அம்மாவும் அப்பாவும் மறுபடி மாலை மாற்றிக்கொண்டார்கள்.’

சேதி முதல் இரண்டு சொல்லிலேயே வந்துவிட்டது. நீளமான குறிப்பை செயலி மடித்துவிடும், ‘மேலும்’ என்பதைத் தொட்டால்தான் மிச்சம் தெரியும். பலர் தொடமாட்டார்கள். அன்று அங்கே இருந்த அத்தைக்கு அந்த ஈரம் நினைவிருக்கும், வராத தோழிக்கு அது காட்சியாகத் தெரியும், மேலாளருக்கு விடுப்பின் காரணம் புரியும்.

எல்லாவற்றையும் ஒரே குறிப்பில் அடக்க முடியாது. போனை எடுக்காத கதை தோழிகளுக்கு மட்டும் உரியது. அதை Close Friends பட்டியலுக்கான ஸ்டோரியில் போட்டாள். பச்சை வளையத்தோடு வரும், பட்டியலில் இல்லாதவர் கண்ணில் படாது.

போடுவதற்கு முன் குறிப்பை அம்மாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினாள். அம்மா கேட்டுவிட்டு, ‘பெரியப்பா வீட்டுக்கும் அனுப்பிவைடி’ என்றார்களாம்.