6 சுற்றில் கிடைக்கும், 12 சுற்றில் காணாமல் போகும்: குவாண்டம் தேடலின் விசித்திரக் கணக்கு

ஒரு பூட்டு, 64 சாவிகள். எது சரியான சாவி என்று எந்தத் துப்பும் இல்லை. குவாண்டம் கணினியில் 6 சுற்று ஓட்டினால் சரியான சாவி 99.7 சதவீத வாய்ப்போடு கைக்கு வந்துவிடும். சரி, எதற்கும் இருக்கட்டும் என்று 12 சுற்று ஓட்டினால்? வாய்ப்பு சுமார் பதினான்காயிரத்தில் ஒன்றுதான்! கண்ணை மூடிக்கொண்டு ஒரு சாவியை எடுத்தாலே 64-ல் ஒரு வாய்ப்பு உண்டே. இரட்டிப்பாக உழைத்து, சும்மா இருந்தவனை விட மோசமாகத் தோற்கிறோம். ஏன்?

வரலாறு ஒரே மூச்சில்: இந்தத் தேடல் முறையை 1996-ல் பெல் ஆய்வகத்தில் லவ் குரோவர் கண்டுபிடித்தார், பிராசார்ட் முதலானோர் அதை விரிவாக்கி 'வீச்சுப் பெருக்கம்' என்று பொதுமைப்படுத்தினார்கள். அவ்வளவுதான், விஷயத்துக்கு வருவோம்.

[திரையில்: ஒரே உயரத்தில் 64 கம்பிகள்]

குவாண்டம் கணினியின் அடிப்படை அலகுகளான க்யூபிட்கள் 6 சேர்ந்து 64 சாவிகளையும் சமமாகச் சுமக்கின்றன. ஒவ்வொரு சாவிக்கும் வீச்சு என்று ஓர் எண் உண்டு, திரையில் கம்பியின் உயரம் அதுதான். இப்போது எல்லாவற்றின் வீச்சும் 1/8. அளந்தால் கிடைக்கும் நிகழ்தகவு வீச்சின் வர்க்கம், அதாவது 1/64. இந்த 'வர்க்கம்' என்ற சொல்லைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், கதையே அதில்தான் இருக்கிறது.

ஒரு சுற்றில் இரண்டு வேலை. முதலில், சரியான சாவியின் வீச்சுக்கு மட்டும் குறி மாற்றுகிறோம். அது கோட்டுக்குக் கீழே தொங்கி −0.125 ஆகிறது. இப்போது அளந்தால் எந்த வித்தியாசமும் தெரியாது, ஏனென்றால் வர்க்கம் குறியைப் பார்ப்பதில்லை. அடுத்து, எல்லாக் கம்பிகளையும் சராசரிக் கோட்டைக் கண்ணாடியாக வைத்துப் பிரதிபலிக்கிறோம். சராசரி சுமார் 0.121. மற்ற 63-ம் அதற்குச் சற்று மேலே இருந்தன, சற்று கீழே இறங்கி 0.117 ஆகின்றன. நம் ஆள் வெகு ஆழத்தில் இருந்தானே, அவன் அதே தூரம் மேலே தாவி 0.367-க்குப் போய்விடுகிறான். வர்க்கப்படுத்தினால் 13.5 சதவீதம். ஒரே சுற்றில் கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு! 63 பேரிடம் ஆளுக்குச் சில்லறை வசூலித்து ஒருவனைப் பணக்காரனாக்கும் சீட்டு மாதிரி. இந்த இடத்தை நான் எத்தனை முறை வரைந்து பார்த்தாலும் அலுப்பதில்லை.

வேகம் ஏன் வர்க்கமூல அளவில் கூடுகிறது என்பதும் இங்கேயே தெரிகிறது. மொத்தம் N சாவிகள் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணத் தேடலில் ஒவ்வொரு முயற்சியும் *நிகழ்தகவில்* 1/N சேர்க்கிறது. இங்கே ஒவ்வொரு சுற்றும், ஆரம்பத்தில், *வீச்சில்* சுமார் 2/√N சேர்க்கிறது. வீச்சு 1-ஐத் தொட √N அளவிலான சுற்றுகள் போதும். இதைவிட வேகமாக முடியுமா? முடியாது. விந்தை என்னவென்றால், பென்னட், பெர்ன்ஸ்டைன், பிராசார்ட், வசிரானி நால்வரும் அந்த எல்லையைக் குரோவரின் வழி பிறப்பதற்கு முன்பே நிறுவிவிட்டார்கள்.

[திரையில்: கடிகார முள்]

இனி, எத்தனை சுற்று? ஒரு முள்ளை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி திசை என்றால் தவறான சாவிகள், பன்னிரண்டு என்றால் சரியான சாவி. முள் ஆரம்பத்தில் மூன்றிலிருந்து θ = 7.18 டிகிரி மட்டும் தூக்கியிருக்கும் (sin θ = 1/8). ஒவ்வொரு சுற்றும் அதை 2θ மேலே தள்ளும். ஆகவே k சுற்றுக்குப் பின் கோணம்:

```
(2k+1)θ
```

k = 6 என்றால் 93.3 டிகிரி, முள் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கிறது. k = 12 என்றால் 179.5, முள் அந்தப் பக்கம் ஒன்பது மணியில் படுத்துவிட்டது. அடுப்பில் மறந்த தோசை போலத்தான், ஆனால் இந்தத் தோசை கருகாமல் மறுபடி மாவாகிவிடுகிறது! N பெரிதாக இருந்தால், ஒரே ஒரு விடைக்கு (π/4)√N சுற்று என்று வைத்துக்கொள்ளலாம்.

சிக்கல் எங்கே வருகிறது? சரியான சாவி எத்தனை என்றே தெரியாதபோது. நான்கு சாவிகள் பூட்டைத் திறக்கும் என்றால் θ 14.5 டிகிரி, 3 சுற்றில் 96 சதவீதம். அது தெரியாமல் 6 சுற்று ஓட்டினால் 2 சதவீதம். நடுவில் எட்டிப் பார்க்கலாமா? பார்த்தால் நிலை குலைந்துவிடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இதற்கு பாயர், பிராசார்ட், ஹோயர், டாப் சொன்ன வழி எனக்கு மிகவும் பிடிக்கும்: ஒரு சிறு வரம்புக்குள் சுற்று எண்ணிக்கையைக் குலுக்கல் முறையில் எடுங்கள், ஓட்டுங்கள், கிடைத்த சாவியைப் பூட்டில் போட்டுப் பாருங்கள். திறக்கவில்லையா, வரம்பை 6/5 மடங்காக்கி மறுபடி குலுக்குங்கள். விடைகளின் எண்ணிக்கை தெரியாமலேயே, சராசரியாக அதே வர்க்கமூல அளவில் வேலை முடியும்.

உங்களுக்கு ஒரு வேலை. 64-ல் 16 சாவிகள் சரி என்றால் ஒரே சுற்றில் 100 சதவீதம். 32 சரி என்றால் எத்தனை சுற்று ஓட்டினாலும் பாதிக்குப் பாதிதான். ஏன்? θ-வைக் கண்டுபிடித்து கமெண்டில் போடுங்கள்.