ஒரு டெஸ்லா புலத்தில் சுற்றும் எலக்ட்ரான்

வணக்கம். காந்தப்புலத்துக்குள் ஒரு எலக்ட்ரான் வட்டமடிக்கிறது. அதன் கோண அதிர்வெண் எவ்வளவு? நான் மாணவனாக இருந்தபோது ஒரு பழைய புத்தகத்தில் சூத்திரம் பார்த்தேன். மின்னூட்டத்தைக் காந்தப்புலத்தால் பெருக்கி, நிறையாலும் ஒளியின் வேகத்தாலும் வகுக்கச் சொன்னது. புலம் ஒரு டெஸ்லா. கூலோம், கிலோகிராம், மீட்டர் என்று எண்களைப் போட்டேன், 587 வந்தது. வர வேண்டியதோ வினாடிக்கு ஏறக்குறைய 17,600 கோடி ரேடியன்.

புத்தகத்தில் பிழை இல்லை. அது சென்டிமீட்டர், கிராம், வினாடியை வைத்து அளக்கும் காஸியன் அலகு முறையில் எழுதியது. நான் போட்டவை எஸ்.ஐ. எண்கள். விடையின் அலகைப் பார்த்திருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும். எஸ்.ஐ.யில் காந்த விசை என்பது மின்னூட்டம், வேகம், புலம் மூன்றின் பெருக்கல். அப்படியானால் கூலோமை டெஸ்லாவால் பெருக்கினால் வருவது விசையை வேகத்தால் வகுத்தது, அதாவது வினாடிக்கு இத்தனை கிலோகிராம். நிறையால் வகுத்தால் 'வினாடிக்கு' என்று நிற்கிறது. அதிர்வெண்ணுக்கு அதுதான் வேண்டும். மேலே ஒளியின் வேகத்தாலும் வகுத்தால் 'மீட்டருக்கு' என்று ஆகிவிடும். அது அதிர்வெண்ணே இல்லை.

சரி, முறையாக எப்படி மாற்றுவது? எஸ்.ஐ.யில் எப்சிலான் நாட், மியூ நாட் என்று வெற்றிடத்தின் மின், காந்த மாறிலிகள் இரண்டு உண்டு. காஸியன் சூத்திரத்தில் மின்னூட்டம் வரும் இடத்தில், அதை 4 பை எப்சிலான் நாட்டின் வர்க்கமூலத்தால் வகுத்து எழுதுங்கள். காந்தப்புலம் வரும் இடத்தில், 4 பையை மியூ நாட்டால் வகுத்து, அதன் வர்க்கமூலத்தால் புலத்தைப் பெருக்கி எழுதுங்கள். நம் சூத்திரத்தில் இரண்டும் பெருக்கலில் நிற்பதால் 4 பை அடிபட்டுப் போகும். எப்சிலான் நாட், மியூ நாட் பெருக்கலின் வர்க்கமூலம் கீழே மிஞ்சும். அதன் தலைகீழ்தான் ஒளியின் வேகம். ஆக மேலே ஒன்று, கீழே ஒன்று, அதுவும் அடிபடுகிறது. மிச்சம் மின்னூட்டம், புலம், நிறை மட்டும்.

ஆனால் இப்படி அலகைப் பார்த்துச் சரிபார்க்கும் பரிமாணப் பகுப்பாய்வுக்கு 4 பை கண்ணில் படாது. அது வெறும் எண். காந்த ஆற்றல் அடர்த்தியை எடுத்துக்கொள்வோம். காஸியனில் புலத்தின் வர்க்கத்தை 8 பையால் வகுக்க வேண்டும். அதே விதியைப் போட்டால் எஸ்.ஐ.யில் இரண்டு மியூ நாட்டால் வகுப்பதாக மாறும். அவசரத்தில் 8 பையை அப்படியே விட்டு, பக்கத்தில் மியூ நாட்டைச் சேர்ப்பவர்கள் உண்டு. அலகு கச்சிதமாகப் பொருந்தும். விடை மட்டும் பன்னிரண்டரை மடங்கு குறைந்திருக்கும்.

இந்தப் பிழைக்கு எண்ணைப் போட்டுப் பார்ப்பதே வழி. ஒரு டெஸ்லா என்பது காஸியன் அலகில் 10,000 காஸ். அதன் வர்க்கம் பத்து கோடி. 8 பையால் வகுத்தால், காஸியன் முறையின் ஆற்றல் அலகான எர்க்கில், கன சென்டிமீட்டருக்குச் சுமார் 39.8 லட்சம். பத்தால் வகுத்தால் அதுவே கன மீட்டருக்கு ஜூலில், 3.98 லட்சம். இப்போது எஸ்.ஐ. சூத்திரத்தில் ஒரு டெஸ்லாவைப் போடுங்கள். சரியான சூத்திரம் அதே 3.98 லட்சத்தைத் தரும். 8 பையை விட்டுவைத்த சூத்திரம் தருவது வெறும் 31,700.